படிக்கட்டு கோணல்

அன்புள்ள ஐயா,

இஷிகுரோவின் ‘தி ரிமெய்ன்ஸ் ஆஃப் த டே’ படித்தேன். பக்கம் பக்கமாக வெள்ளிப் பாத்திரம் துடைப்பதும் வேலைப் பங்கீடும்தான். ஆங்கிலேயப் பிரபு ஒருவரின் வீட்டில் பட்லராக இருக்கும் ஸ்டீவன்ஸ் கண்ணியம் கண்ணியம் என்கிறார், எனக்கு அடிமைத்தனமாகத்தான் தெரிகிறது. முன்னேறும் ஆசையே இல்லாத மனிதரா அவர்? வேலையிடத்தைப் பற்றிய நாவலை எப்படித்தான் வாசிப்பது?
சு.

அன்புள்ள சு.,

‘அடிமை’ என்று சொல்லிவிட்டால் புத்தகத்தை மூடிவிடலாம், அதற்கு மேல் பார்க்க ஒன்றுமில்லை. அவசரப்பட்டுவிட்டீர்கள். ஆசை அவருக்கு நிறையவே உண்டு. பெரிய மனிதரிடம் வேலை பார்த்து, அதன் வழியாக உலக விவகாரங்களில் தன் கையும் இருக்கவேண்டும் என்ற ஆசை அது. அதை விடுங்கள்.

வெள்ளிப் பாத்திரத்தைத் தாண்டிப் போனீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஸ்டீவன்ஸ் வேலையைப் பற்றி விவரமாகப் பேசும்போதெல்லாம் பக்கத்திலேயே சொல்ல முடியாத ஏதோ ஒன்று இருக்கும். முதலாளியின் வீட்டில் நடக்கும் 1923 மாநாட்டு இரவையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே வீட்டில் வேலை பார்க்கும் அப்பா மாடியில் இறந்துபோகிறார். கீழே இவர் விருந்தினர்களுக்கு மது ஊற்றுகிறார். அழுவதாக ஒரு வார்த்தைகூட அவர் சொல்வதில்லை. ‘அழுதது மாதிரி இருக்கிறதே’ என்று முதலாளி கேட்பதால்தான் நமக்கே தெரிகிறது. அந்த இரவைப் பிற்பாடு தன் வெற்றி என்றே நினைவுகூர்கிறார். கண்ணியம் அவரைத் தாங்கிப் பிடித்ததா, தின்றுவிட்டதா? இரண்டும் ஒரே இடத்தில்தான் நடக்கிறது.

அதற்கும் முன்னால், அந்த அப்பா தட்டோடு படியில் விழுகிறார். அவருடைய வேலையைக் குறைக்கும்படி முதலாளி சொல்ல, அதை அப்பாவிடம் போய்ச் சொல்லவேண்டியவர் மகன். அலுவலக உத்தரவு மாதிரி சொல்கிறார். அப்பாவும் அழவில்லை, கெஞ்சவில்லை. ஒரே ஒரு தடவைதான் விழுந்தேன், அந்தப் படிகள் கோணல், சரிசெய்யச் சொல் என்கிறார். ஒரு மாலை அதே படிகளில் அவர் தனியாக ஏறி இறங்குகிறார், பார்வை முழுக்கத் தரையில். மகன் மாடி ஜன்னலிலிருந்து பார்க்கிறார்.

என் முதல் வேலையில் கணக்குப் பிரிவில் ஒரு பெரியவர் இருந்தார். கூட்டலில் இரண்டு மாதம் பிழை வந்தது. ‘மாத முடிப்பை இனி நீ பார், அவரிடம் நீயே சொல்லிவிடு’ என்றார் மேலாளர். நிர்வாக வசதிக்காக என்று இழுத்து இழுத்துச் சொன்னேன். ‘இந்த கால்குலேட்டர்ல எட்டு சரியா விழல தம்பி’ என்றார், அவ்வளவுதான். மறுநாள் மறந்துவைத்த குடையை எடுக்கத் திரும்பிப் போனேன். எல்லாரும் போய்விட்டார்கள். அவர் மட்டும் கால்குலேட்டரை ஓரமாகத் தள்ளிவிட்டு, பழைய பேரேட்டில் ஒரே பத்தியைப் பென்சிலால் கூட்டிக்கொண்டிருந்தார். கூட்டி, விடையைக் கையால் மறைத்துக்கொண்டு, மறுபடியும் மேலிருந்து கூட்டினார். வாசலில் நின்ற என்னைப் பார்க்கவில்லை. குடையை எடுக்காமலே வந்துவிட்டேன்.

பல வருடம் கழித்துத்தான் இந்த நாவல் கைக்கு வந்தது. அந்த ஜன்னல் காட்சியில் நிறுத்திவிட்டேன், அன்று மேலே படிக்க முடியவில்லை. நீங்கள் அதை எந்த வேகத்தில் கடந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். கோபமில்லை. ஸ்டீவன்ஸ் அடிமையா இல்லையா என்ற வழக்கைக் கொஞ்ச நாள் தள்ளிவைத்துவிட்டு, அந்தப் படிக்கட்டுப் பக்கங்களை மட்டும் மறுபடி படியுங்கள். அப்புறம் எழுதுங்கள்.