சிறைக்குப் பதிலாக வீட்டுக் காவல் கேட்க முடியுமா?

கேள்வி: சார், என் அப்பாவுக்கு 66 வயது. நிலம் விற்பதாக 2016-ல் 9 லட்சம் அட்வான்ஸ் வாங்கிய விஷயத்தில் 420 கேஸ். போன வாரம் எழும்பூர் கோர்ட்டில் 2 வருஷம் தண்டனை கொடுத்துவிட்டார்கள். 4 லட்சம் முன்னாடியே திருப்பிக் கொடுத்திருக்கிறார். அப்பீல் போட 30 நாள் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். அவருக்கு வாரம் மூன்று டயாலிசிஸ். வெளிநாட்டில் செய்கிற மாதிரி காலில் கருவி மாட்டி வீட்டிலேயே தண்டனையைக் கழிக்க விடுவார்களா? கருவிக்கும் போலீஸுக்கும் ஆகிற செலவை நாங்களே கட்டுகிறோம். - மகள், பெரம்பூர்

பதில்: முடியாது. உங்கள் அப்பாவின் கேஸுக்குப் பொருந்தும் பழைய இந்திய தண்டனைச் சட்டத்திலும் வீட்டுக் காவல் என்ற தண்டனை இல்லை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய பி.என்.எஸ்ஸிலும் இல்லை. புதிய சட்டத்தின் 4-வது பிரிவு மரணம், ஆயுள், சிறை, சொத்துப் பறிமுதல், அபராதம் என்ற பழைய வரிசையோடு சமூக சேவையை மட்டும்தான் சேர்த்திருக்கிறது, அதுவும் சில சிறிய குற்றங்களுக்கு. பட்டியலில் இல்லாத தண்டனையைக் குடும்பம் எவ்வளவு பணம் கட்டத் தயாராக இருந்தாலும் எந்த மாஜிஸ்திரேட்டும் கொடுக்க முடியாது.

வீட்டுக் காவல் என்று பத்திரிகையில் நீங்கள் படித்திருந்தால், அது பெரும்பாலும் பீமா கோரேகான் வழக்கில் கைதான செயற்பாட்டாளர் கௌதம் நவ்லாகாவின் வழக்காக இருக்கும். 2021 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொன்னது விசாரணைக் காலக் காவலைப் பற்றி. வயது, உடல்நிலை, குற்றத்தின் தன்மை, நிபந்தனைகளை அமல்படுத்த முடியுமா என்பதையெல்லாம் பார்த்து, தகுந்த கேஸில் ரிமாண்டை வீட்டிலேயே வைக்கலாம் என்றது. தண்டனை பெற்றவர்களுக்கு இதைக் கொண்டுவருவதா என்பதைச் சட்டம் இயற்றுபவர்கள் யோசிக்கட்டும் என்று விட்டுவிட்டது. அவர்கள் இன்னும் அதைச் செய்யவில்லை.

செலவு விஷயத்துக்கும் அதே வழக்கைத்தான் பார்க்க வேண்டும். 2022 நவம்பரில் அவரை ஒரு மாதம் வீட்டில் வைக்க அனுமதித்தபோது கண்காணிப்புச் செலவுக்கு 2.4 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னார்கள். வாசலிலும் அறைகளுக்கு வெளியிலும் கேமரா, இன்டர்நெட் கூடாது, போலீஸ் தருகிற போனில் மட்டும் பேசலாம் என்று நிபந்தனைகள். அந்த ஒரு மாதம் நீண்டுகொண்டே போனது. 2024 ஏப்ரலில் தேசியப் புலனாய்வு அமைப்பான என்.ஐ.ஏ கேட்ட பாக்கி 1 கோடியே 64 லட்சம். அவர் தரப்பு அந்தக் கணக்கை ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் 2024 மே மாதம் ஜாமீன் கொடுத்தபோது, அந்தப் பாதுகாப்புச் செலவுக்காக 20 லட்சம் கட்ட உத்தரவிட்டார்கள். 'செலவை நாங்களே ஏற்கிறோம்' என்ற வரியை மனுவில் எழுதுவதற்கு முன்னால் இதை நினைத்துப் பாருங்கள், ஏனென்றால் பில் போடப்போவது நீங்கள் இல்லை.

அவ்வளவு செலவு வந்ததற்குக் காரணம், அங்கே ஆட்கள் ஷிப்ட் போட்டுக் காவல் நின்றார்கள். மின்னணுக் கருவி அந்தச் செலவைத்தான் குறைக்கிறது. இங்கிலாந்தில் தண்டனையின் கடைசிப் பகுதியைக் கருவியோடு வீட்டில் கழிக்கும் திட்டம் 1999-லேயே வந்துவிட்டது. அங்கே அரசுத் தணிக்கை அலுவலகம் 2006-ல் கணக்குப் பார்த்தபோது, 90 நாள் சிறையில் வைக்க சுமார் 6,500 பவுண்டும், கருவியோடு வீட்டில் வைக்க சுமார் 1,300 பவுண்டும் ஆனது. ஆனால் ஒரு கைதி வீட்டுக்குப் போனதால் புழல் மாதிரி ஒரு சிறையில் ஒரு வார்டரின் சம்பளம்கூடக் குறையாது, ஒரு பிளாக்கையே மூடினால்தான் பணம் உண்மையில் மிஞ்சும். அதோடு, எப்படியும் சிறைக்குப் போகாத ஆளுக்குக் கருவி மாட்டினால் அது முழுக்கக் கூடுதல் செலவு. இந்தத் திட்டம் வந்த பல நாடுகளில் நடந்திருக்கிற தவறு இதுதான்.

பலன் என்று பார்த்தால், நான் அதிகம் நம்புவது அர்ஜென்டினாவில் புவனஸ் அயர்ஸ் மாகாணத்தில் செய்த ஆய்வை. டி டெல்லா, ஷார்க்ரோட்ஸ்கி என்ற இருவர் செய்து 2013-ல் வெளிவந்தது. அங்கே எந்தக் கேஸ் எந்த நீதிபதியிடம் போகும் என்பது கிட்டத்தட்ட அதிர்ஷ்டம், சில நீதிபதிகள் கருவியைத் தாராளமாகக் கொடுத்தார்கள், சிலர் கொடுக்கவே இல்லை. அதனால் ஒரே மாதிரி ஆட்களில் ஒரு பகுதி சிறைக்கும் ஒரு பகுதி கருவியோடு வீட்டுக்கும் போனார்கள். கருவியோடு போனவர்கள் மறுபடி குற்றத்தில் சிக்கியது, சிறைக்குப் போனவர்களோடு பார்த்தால் ஏறக்குறைய பாதிதான். கருவிக்கு ஏதோ திருத்தும் சக்தி இருக்கிறது என்று இதைப் படிக்கக் கூடாது. சிறை கெடுப்பதைக் கெடுக்காமல் விட்டது, அவ்வளவுதான். வேலை, குடும்பம் அறுந்துபோகவில்லை, உள்ளே புது சகவாசம் கிடைக்கவில்லை.

அப்படியானால் 66 வயதில், முதல் கேஸில், டயாலிசிஸுக்குப் போய்வரும் ஒருவருக்குக் கருவி என்ன செய்யும்? தப்பி ஓடுவதைத் தடுக்கும் என்பார்கள், வாரம் மூன்று நாள் இயந்திரத்தில் படுக்க வேண்டியவர் எங்கே ஓடுவார்? ஒரு டயாலிசிஸுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பலருக்குக் கால் வீங்கும், கணுக்காலில் இறுக்கிப் பூட்டிய பட்டை புண்ணாக்கும், தளர்த்தினால் கழற்றப் பார்த்ததாக எச்சரிக்கை போகும். ஜி.பி.எஸ் கருவியைத் தினமும் சார்ஜ் போட வேண்டும். கான்கிரீட் கட்டடத்துக்குள், அதாவது அவர் நான்கு மணி நேரம் படுத்திருக்கும் ஆஸ்பத்திரிக்குள், சிக்னல் போய்விடலாம். ஒவ்வொரு தடவையும் போன் வரும், நீங்கள் விளக்கம் சொல்ல வேண்டும். இந்தச் சுமையை நாமே கேட்டு வாங்க வேண்டாம்.

இன்னொன்று, இது மிக முக்கியம். ஜாமீன் நிபந்தனையாக 'வீட்டை விட்டு வெளியே போக மாட்டார்' என்று நீங்களே எழுதிக் கொடுத்து அவர் இரண்டு வருஷம் வீட்டிலேயே இருந்தாலும், அப்பீல் தோற்றால் அந்த நாட்கள் தண்டனையில் கழியும் என்று நம்பாதீர்கள். விசாரணையின்போது காவலில் இருந்த நாட்களைத்தான் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 428-வது பிரிவு, அதற்குப் பதிலாக இப்போது இருக்கும் பி.என்.எஸ்.எஸ்ஸில் 468, கழிக்கச் சொல்கிறது, ஜாமீனில் இருந்த நாட்களை அல்ல. இரண்டு வருஷம் வீட்டில் அடைந்து கிடந்துவிட்டு அதற்கப்புறம் இரண்டு வருஷம் சிறை என்று ஆகிவிடும். கூகுள் மேப்பில் இருப்பிடத்தைப் போலீஸுக்குக் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2024 ஜூலையில் ஃபிராங்க் விட்டஸ் வழக்கில் உச்ச நீதிமன்றமே அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று நீக்கியிருக்கிறது. கோர்ட் வேண்டாம் என்று சொல்வதை நாம் கொண்டுபோய்க் கொடுக்கக் கூடாது.

சரி, உங்களுக்கு வேண்டியது அப்பா வீட்டில் இருப்பது, டயாலிசிஸ் தவறாமல் நடப்பது. அதற்குக் கருவி இல்லாமலே வழி இருக்கிறது.

முதலில் 30 நாளுக்குள் சென்னை முதன்மை செஷன்ஸ் கோர்ட்டில் அப்பீலும், அதோடு தண்டனையை நிறுத்தி வைக்கும் மனுவும் போக வேண்டும், பழைய நடைமுறைச் சட்டத்தில் 389, புதிய பி.என்.எஸ்.எஸ்ஸில் 430. மாஜிஸ்திரேட் கொடுத்த நிறுத்தம் இந்தக் கால அவகாசத்துக்கு மட்டும்தான், அது முடிந்த மறுநாள் அவர் கைதாகலாம். குறுகிய காலத் தண்டனையில் விசேஷக் காரணம் இல்லாவிட்டால் நிறுத்தி வைப்பதைத் தாராளமாகப் பார்க்க வேண்டும் என்று 1999-லேயே பகவான் ராமா ஷிண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இரண்டு வருஷத் தண்டனை, விசாரணை முழுக்க ஜாமீனில் இருந்து ஒழுங்காக வாய்தாவுக்கு வந்தவர் என்றால், கிடைப்பதற்கு நல்ல வாய்ப்பு இருக்கிறது. டயாலிசிஸ் சீட்டை ஒரு பக்கக் கடிதமாக வாங்காமல், எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம், ஒரு தடவை தவறினால் என்ன ஆகும் என்று சிறுநீரக மருத்துவர் எழுதிய சான்றாக வாங்குங்கள்.

அடுத்தது, எனக்கு இதுதான் உங்கள் கேஸின் உயிர்நாடியாகத் தெரிகிறது: மீதி 5 லட்சம். 420 என்பது கோர்ட் அனுமதியோடு சமரசம் செய்யக்கூடிய பிரிவு. ஏமாந்ததாகப் புகார் கொடுத்தவர் சம்மதித்தால் அப்பீல் நிலையிலும் செய்யலாம், செஷன்ஸ் கோர்ட் அனுமதி வேண்டும். சமரசத்தைக் கோர்ட் ஏற்றால் அது விடுதலைக்குச் சமம், தண்டனையே இல்லை. போலீஸ் காவலுக்கும் கருவிக்கும் கட்டத் தயாராக இருக்கும் பணத்தை அவரிடம் கொண்டுபோங்கள். ஆனால் கையில் கொடுத்துவிட்டு வராதீர்கள். கோர்ட்டில் டெபாசிட்டாகவோ டிமாண்ட் டிராஃப்டாகவோ, இரண்டு வக்கீல்களும் கையெழுத்திட்ட கூட்டு மனுவோடு மட்டும். முன்னால் கொடுத்த 4 லட்சத்துக்கு ரசீதோ பேங்க் எண்ட்ரியோ இருந்தால் அதையும் எடுத்து வையுங்கள். இல்லையென்றால் அவர் 9 லட்சமும் வேண்டும் என்று சொல்ல இடம் இருக்கிறது.

அவர் சம்மதிக்கவில்லை என்றால், நன்னடத்தைச் சட்டம். 1958-ல் வந்த அந்தச் சட்டத்தின் 4-வது பிரிவு, மரணமோ ஆயுளோ விதிக்க முடியாத குற்றத்தில், குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருக்க, சிறைக்கு அனுப்பாமல் அதிகபட்சம் மூன்று வருஷப் பத்திரத்தில் விட அனுமதிக்கிறது. 420-க்கு உச்சபட்சம் 7 வருஷம் என்பதால் பொருந்தும். 11-வது பிரிவின்படி அப்பீல் கோர்ட்டும் இதைக் கொடுக்கலாம். மாஜிஸ்திரேட் தீர்ப்பில் இதை ஏன் கொடுக்கவில்லை என்று காரணம் எழுதியிருக்கிறாரா பாருங்கள், எழுதவில்லை என்றால் அதுவே அப்பீலில் நல்ல வாதம். மோசடிக் கேஸில் சில நீதிபதிகள் தயங்குவார்கள், அதை மறைக்க மாட்டேன். அங்கே உதவுவது 5-வது பிரிவு, பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கட்டும் உத்தரவோடு விடலாம். நன்னடத்தை அலுவலர் வீட்டுக்கு வந்து விசாரித்து அறிக்கை கொடுப்பார். நாம் மேலே பேசிய கருவி ஒரு இடத்தை மட்டும்தான் பார்க்கும், இந்த அலுவலர் மனிதரைப் பார்ப்பார், அரசுக்கும் செலவு மிகக் குறைவு. அவர் வரும்போது டயாலிசிஸ் ஃபைலை எடுத்துக் காட்டுங்கள், அப்பாவை யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறார்கள் என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள்.

இதெல்லாம் தோற்றால் உயர் நீதிமன்றத்தில் ரிவிஷன், அதற்கு 90 நாள். அதற்கிடையே அவர் உள்ளே போகும்படி ஆனால், அன்றைக்கே டயாலிசிஸ் கிழமைகளைக் குறிப்பிட்டு சிறை மருத்துவருக்கும் கண்காணிப்பாளருக்கும் எழுத்தில் மனு கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குச் சீல் வாங்குங்கள். எஸ்கார்ட் போலீஸ் கிடைக்காமல் ஒரு முறை தவறினால், உடனே கோர்ட்டுக்குப் போக அந்தச் சீல் தேவைப்படும்.

இப்போதைக்கு, தீர்ப்பின் சான்று நகலுக்கு விண்ணப்பித்துவிட்டீர்களா? அதை வாங்க ஆகும் நாளை 30 நாள் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். ஆனால் நிறுத்தி வைத்த உத்தரவின் தேதி அப்படி நீளாது, அதனால் இந்த வாரமே அப்பீலைத் தயார் பண்ணச் சொல்லுங்கள்.