g-க்கு எப்போது பிளஸ், எப்போது மைனஸ்?

"பிளஸ் ஒன் படிக்கிறேன். இயக்கச் சமன்பாடுகள் எல்லாம் மனப்பாடம். ஆனால் பயிற்சிப் பக்கத்தில் உள்ள கணக்குகளை வரிசையாகப் போட்டால் பாதி விடைகள் தப்பாக வருகின்றன. மேலே போகும்போது g மைனஸ், கீழே வரும்போது பிளஸ் என்று டியூஷனில் சொன்னார்கள். அப்படிப் போட்டும் சரியாக வரவில்லை. குறியும் அலகும் தப்பாமல் ஒரு பக்கக் கணக்குகளை எப்படிப் போடுவது?"

முதலில் அந்த டியூஷன் விதியை விட்டுவிடுங்கள். பந்து எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்துப் பூமி தன் இழுப்பை மாற்றிக்கொள்வதில்லை. ஏறும்போதும், உச்சியில் திசைவேகம் சுழியாகும் அந்தக் கணத்திலும், இறங்கும்போதும் முடுக்கம் கீழ்நோக்கித்தான் இருக்கிறது. அளவும் அதே 9.8 m/s²தான். வழியில் குறி மாறுவது திசைவேகத்துக்கு மட்டுமே. g-யின் முன்னால் என்ன குறி வரும் என்பதை நீங்கள் எந்தத் திசையை நேர்க்குறியாக வைத்தீர்களோ அதுதான் முடிவு செய்கிறது. மேல்நோக்கி நேர்க்குறி என்று வைத்தால் கணக்கு முடியும் வரை a = −g. கீழ்நோக்கி வைத்தால் முடியும் வரை a = +g. நடுவில் மாற்றக் கூடாது.

எனவே சமன்பாட்டைத் தேடும் முன் கணக்கின் ஓரத்தில் ஒரு சின்ன அம்பு வரைந்து '+' போடுங்கள். பொருள் எங்கிருந்து புறப்படுகிறதோ அங்கே s = 0 என்று குறியுங்கள். அதன் கீழே s, u, v, a, t என்ற ஐந்து எழுத்துகளையும் எழுதி, தெரிந்த மதிப்புகளைக் குறியோடும் அலகோடும் நிரப்புங்கள். கேட்ட அளவுக்கு எதிரே கேள்விக்குறி. மூன்று தெரிந்து ஒன்று கேட்கப்பட்டிருந்தால், கணக்கில் தலைகாட்டாத ஐந்தாவது எழுத்து எந்தச் சமன்பாட்டில் இல்லையோ அதுவே உங்களுக்கு வேண்டிய சமன்பாடு. t பற்றிப் பேச்சே இல்லை என்றால் v² = u² + 2as; v இல்லையென்றால் s = ut + ½at²; s இல்லையென்றால் v = u + at.

மாணவர்கள் அதிகம் சறுக்கும் ஒரு கணக்கை முழுதாகப் போட்டுப் பார்ப்போம். 40 m உயரமுள்ள மாடியின் விளிம்பிலிருந்து ஒரு கல் 10 m/s திசைவேகத்தில் நேராக மேலே எறியப்படுகிறது. அது எவ்வளவு நேரத்தில் தரையைத் தொடும்? g = 10 m/s² என்று கொள்வோம்.

மேல்நோக்கி நேர்க்குறி. மாடி விளிம்பில் s = 0. அப்படியானால் u = +10 m/s, a = −10 m/s². s எவ்வளவு? கல் ஏறி இறங்கிய பாதையின் நீளம் இங்கே வேண்டியதில்லை. s என்பது இடப்பெயர்ச்சி. புறப்பட்ட இடத்திலிருந்து முடிந்த இடம் எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்பதுதான் அது. தரை, விளிம்புக்கு 40 m கீழே இருக்கிறது. எனவே s = −40 m. இந்த ஒரு மைனஸை விட்டுவிட்டுத்தான் பலரும் மாட்டிக்கொள்கிறார்கள்.

```
s = ut + ½at²
−40 = 10t − 5t²
t² − 2t − 8 = 0
(t − 4)(t + 2) = 0
t = 4 s  அல்லது  t = −2 s
```

விடை 4 s. கணக்கை ஒரே ஓட்டமாகப் போட்டுவிட்டோம் என்பதைக் கவனியுங்கள். மேலே போகும் பகுதி தனி, கீழே வரும் பகுதி தனி என்று உடைக்கவில்லை. முடுக்கம் வழி முழுவதும் மாறாமல் இருப்பதால் உடைக்க வேண்டிய தேவை இல்லை.

இதே கணக்கில் குறியைத் தப்பாகப் போட்டால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். a-வை மைனஸாகப் போட்டு s-ஐ மட்டும் +40 என்று எழுதினால் t² − 2t + 8 = 0 என்று வரும். இதன் தன்மைகாட்டி 4 − 32 = −28; மெய் மூலமே கிடையாது. கணக்கு அந்த இடத்திலேயே நின்றுவிடும், நீங்களும் திரும்பிப் பார்ப்பீர்கள். 10 m/s-இல் எறிந்த கல் விளிம்புக்கு மேலே 5 m தான் ஏறும். 40 m மேலே அது எப்போது இருக்கும் என்று கேட்டால் ஒருபோதும் இல்லை என்றுதான் சமன்பாடு சொல்லும்.

அதைவிட ஆபத்தானது இன்னொரு தப்பு. 'கடைசியில் கல் கீழேதானே வருகிறது' என்று டியூஷன் விதிப்படி g-யை பிளஸாக்கி, s = +40 என்றும் வைத்து, u-வை மட்டும் +10 ஆகவே விட்டுவிட்டால் 40 = 10t + 5t² என்று ஆகும். இதிலிருந்து t = 2 s. முழு எண், நேர்க்குறி, அலகும் சரி. சந்தேகமே வராது. ஆனால் இது வேறு கணக்கின் விடை. கீழ்நோக்கி நேர்க்குறி என்று வைத்துவிட்ட பிறகு u = +10 என்றால் கல்லைக் கீழே பார்த்து எறிந்ததாக அர்த்தம். கீழ்நோக்கி நேர்க்குறி வைப்பதில் எந்தத் தப்பும் இல்லை; ஆனால் அப்போது u = −10 என்று எழுத வேண்டும். எழுதிப் பாருங்கள், அதே 4 s வரும்.

இந்தத் தப்பைப் பிடிக்க ஒரு வழி உண்டு. விடை வந்ததும் வேறு பாதையில் ஒருமுறை நடந்து பாருங்கள். கல் 10 m/s-இல் ஏறுகிறது. நொடிக்கு 10 m/s குறைகிறது. 1 s-இல் உச்சி. இன்னும் 1 s-இல் விளிம்பின் மட்டத்துக்கே திரும்பிவிடும், இப்போது கீழ்நோக்கி 10 m/s. அங்கிருந்து தரைக்கு 2 s. மொத்தம் 4 s. முன்பு வந்த '2 s' கடைசிப் பகுதிக்கு மட்டுமே உரிய நேரம் என்பது இப்போது தெளிவாகத் தெரியும். திசைவேகத்தையும் சரிபார்க்கலாம். v = 10 − 10 × 4 = −30 m/s. v² = 100 + 2(−10)(−40) = 900. இரண்டும் ஒத்துப்போகின்றன. ஆனால் v² சமன்பாடு ±30 என்றுதான் தரும். அதில் மைனஸைத் தேர்ந்தெடுக்க வேண்டியது நீங்கள். தரையைத் தொடும்போது கல் கீழே போய்க்கொண்டிருக்கிறது, அதனால் −30.

தள்ளிவிட்ட t = −2 s-க்கும் பொருள் உண்டு, அதைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. சமன்பாட்டுக்கு நீங்கள் எப்போது எறிந்தீர்கள் என்பது தெரியாது. மாறாத முடுக்கத்தோடு நகரும் ஒரு பொருளை மட்டுமே அதற்குத் தெரியும். நீங்கள் எறிவதற்கு 2 s முன்பு தரையிலிருந்து 30 m/s-இல் யாராவது ஒரு கல்லை மேலே எறிந்திருந்தால், அது சரியாக t = 0-வில் உங்கள் விளிம்பை 10 m/s-இல் கடந்து, பிறகு உங்கள் கல்லைப் போலவே போயிருக்கும். கணக்கில் அந்தக் கல் இல்லை என்பதால்தான் −2-ஐ விடுகிறோம். 'நேரம் மைனஸ் ஆகாது' என்று காரணம் எழுதுவதை விட, 'எறிவதற்கு முந்தைய நேரம்' என்று எழுதுவதே சரி.

இனி அலகு. மதிப்பைப் பிரதியிடும் வரியிலேயே ஒவ்வொரு உறுப்புக்கும் அலகு பாருங்கள். s மீட்டர், ut என்பது m/s × s, மீட்டர், ½at² என்பது m/s² × s², அதுவும் மீட்டர். அவசரத்தில் ½at என்று எழுதிவிட்டால் அந்த உறுப்பு m/s ஆகிவிடும். மீட்டரோடு அதைக் கூட்ட முடியாது. தப்பு அங்கேயே தெரிந்துவிடும். ஆனால் ½-ஐ விட்டுவிட்டதையோ குறி மாறியதையோ அலகு காட்டிக்கொடுக்காது. அதனால்தான் மேலே சொன்ன இரண்டாவது பாதை தேவைப்படுகிறது.

km/h வந்தால் ஐந்தெழுத்துப் பட்டியலில் நிரப்பும்போதே 5/18-ஆல் பெருக்கி m/s ஆக்கிவிடுங்கள். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் மறந்துபோகும். 72 km/h-இல் வரும் கார் 25 m-க்குள் நிற்கிறது என்றால் u = 20 m/s, v = 0, s = 25 m; a = −400/50 = −8 m/s². மாற்றாமல் 72-ஐ அப்படியே போட்டிருந்தால் −103.68 வந்திருக்கும். g-யைப் போல் பத்து மடங்குக்கும் மேல். காய்ந்த தார்ச்சாலையில் சாதாரணக் காரை எவ்வளவு அழுத்திப் பிரேக் போட்டாலும் முடுக்கத்தின் அளவு g-யை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். இந்த ஒரு அளவை மனதில் வைத்திருந்தால் போதும், விடையைப் பார்த்ததுமே தப்பு தெரிந்துவிடும்.

பிரேக் கணக்குகளில் குறியும் அலகும் சரியாக இருந்தும் விடை தப்பாகும் இடம் ஒன்று இருக்கிறது. 20 m/s-இல் போகும் பேருந்தின் ஓட்டுநர் பிரேக் போடுகிறார், a = −5 m/s². அடுத்த 6 s-இல் பேருந்து எவ்வளவு தூரம் போகும்? பிரதியிட்டால் s = 20 × 6 − ½ × 5 × 36 = 120 − 90 = 30 m. தப்பு. v = 0 ஆவதற்கு 20/5 = 4 s போதும்; அதற்குள் பேருந்து 40 m போய் நின்றுவிட்டது. மீதி 2 s-இல் அது பின்னோக்கி 10 m வந்ததாகச் சமன்பாடு கணக்கிட்டுக்கொண்டது. கல்லின் விஷயத்தில் உச்சியிலும் g விடாமல் இழுக்கிறது, அதனால் கல் உண்மையிலேயே திரும்பி வருகிறது. பிரேக்கின் உராய்வோ சக்கரம் நின்றதும் வண்டியைப் பின்னால் தள்ளுவதில்லை. முடுக்கம் அங்கே சுழியாகிவிடுகிறது. முடுக்கம் மாறிய பிறகு இந்தச் சமன்பாடுகள் செல்லாது. ஆகவே 'பிரேக்' என்ற சொல்லும் ஒரு நேரமும் சேர்ந்து வந்தால், முதலில் நிற்க எவ்வளவு நேரம் ஆகும் என்று v = u + at-இல் பாருங்கள். கேட்ட நேரம் அதைவிட அதிகம் என்றால், நிற்கும் வரையான தூரமே விடை. இந்தக் கணக்கில் அது 40 m.