படத்தில் உள்ள பழைய செஸ் கடிகாரம் போட்டிக்கு ஆகுமா?

"தாத்தாவின் மரக் கடிகாரம். இரண்டு முகப்பு, மேலே இரண்டு பொத்தான், 'கார்டே' என்று எழுதியிருக்கிறது. இதைப் போட்டியில் வைக்கலாமா?"

முகப்பில் உள்ள பெயரை வைத்துப் பார்த்தால் இது கிழக்கு ஜெர்மனியின் ரூலா நகரத் தயாரிப்பு. 12-க்குப் பக்கத்தில் தெரியும் சிறு சிவப்புத் துண்டுதான் கொடி. நிமிட முள் அதைத் தூக்கும். நேரம் முடிந்ததும் விழும்.

இன்றைய போட்டிக்கு ஆகாது. காரணம் வயது அல்ல. பல போட்டிகளில் 90 நிமிடத்தோடு ஒவ்வொரு நகர்த்தலுக்கும் 30 வினாடி சேரும். 60 நகர்த்தல் ஆடினால் கூடுதலாக அரை மணி நேரம். முள் கடிகாரத்தால் அதைச் சேர்க்க முடியாது. அதற்கு டிஜிட்டல்தான் வேண்டும்.

வீட்டில் ஆட அருமையான பொருள். ஆனால் ஓடுகிறதா என்று படத்தில் தெரியாது. சாவி கொடுத்து, இரண்டு பக்கத்தையும் தனித்தனியாக ஒரு மணி நேரம் ஓடவிட்டு, கைபேசி நேரத்தோடு ஒப்பிடுங்கள்.