தினவாடகையா, ஓனரோடு பாதிப் பங்கா?

கேள்வி: சென்னையில் சிஎன்ஜி செடான் கார் ஓட்டுகிறேன். தினவாடகை ₹1,100. ஓட்டினாலும் ஓட்டாவிட்டாலும் 30 நாளும் கட்ட வேண்டும். மாதம் 26 நாள் ஓட்டுகிறேன். சராசரிக் கலெக்ஷன் ₹3,200. கேஸுக்கு ₹820, ஆப் கட்டணமும் வண்டி கழுவுவதும் ₹130. வேறு ஒரு ஓனர் பார்ட்னராகச் சேரச் சொல்கிறார். இந்தச் செலவுகள் போக மிச்சத்தில் பாதி எனக்கு, ரிப்பேரிலும் பாதி என் பங்கு, அட்வான்ஸ் ஒரு லட்சம். மனைவியின் நகையை அடகு வைக்க வேண்டும். சேரலாமா?

பதில்: இப்போது சொல்லியிருக்கிற கண்டிஷனில் சேர வேண்டாம். கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும்.

உங்கள் எண்களின்படி கேஸும் ஆப்பும் போக ஒரு நாளுக்கு ₹2,250 நிற்கிறது. 26 நாளுக்கு ₹58,500. இதில் வாடகை ₹33,000 போனால் கையில் ₹25,500. பார்ட்னர்ஷிப்பில் பாதி என்றால் ₹29,250. இந்த இடத்தில்தான் பலரும் சரி என்று தலையாட்டிவிடுகிறார்கள்.

ஆனால் உங்கள் வண்டி எவ்வளவு ஓடுகிறது என்று பாருங்கள். ₹820க்கு அடிக்கிற கேஸில் ஏறக்குறைய 200 கிலோமீட்டர் ஓடும் என்று வைத்தால், மாதம் 5,200 கிலோமீட்டர். வீட்டுக் கார் ஒன்று ஆறு மாதத்தில் ஓடுகிற தூரம் இது. நாலு டயருக்கு ₹18,000 என்றும், அவை 40,000 கிலோமீட்டர் தாங்கும் என்றும் வைத்தாலே மாதத்துக்கு ₹2,300க்கு மேல் டயரில் தேய்கிறது. பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ், அதற்கு ₹6,000 என்றால் மாதம் ₹3,100. பிரேக், கிளட்ச், பேட்டரிக்கு ₹2,000 ஒதுக்குங்கள். மொத்தம் சுமார் ₹7,400, உங்கள் பாதி ₹3,700. தினவாடகையில் இது முழுக்க ஓனர் தலையில் இருப்பதால் உங்கள் கண்ணில் படுவதில்லை.

அடுத்தது நகை. ஒரு லட்சத்துக்கு ஆண்டு வட்டி 12% என்றால் மாதம் ₹1,000. ஆக ₹29,250இல் இந்த இரண்டையும் கழித்தால் ₹24,550. இப்போது எடுப்பதைவிட ₹950 குறைவு, நகையும் வீட்டில் இருக்காது.

இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். மழையில் வண்டி முடங்குகிற நாளில் வாடகைக்காரருக்குக் கைக்காசு போகும். பங்குக்காரருக்கு வந்ததில் பாதியாவது நிற்கும். உங்கள் விஷயத்தில் இரண்டும் சமமாகிற கோடு நாளுக்குச் சுமார் ₹2,180. சராசரி அதற்குக் கீழே போனால் பார்ட்னர்ஷிப்தான் மேல். நீங்கள் சொல்கிற ₹2,250 அந்தக் கோட்டைவிட ₹70தான் கூட. எனவே அந்த ₹2,250 உண்மைதானா என்பதுதான் முதல் கேள்வி. நல்ல நாள் மனதில் நிற்கும், மந்தமான நாள் மறந்துபோகும். ஒரு மாதம் நோட்டில் எழுதுங்கள்: காலையிலும் இரவிலும் மீட்டர் எண், அடித்த கேஸ் எத்தனை கிலோ, ஆப்பில் வந்தது, கையில் ரொக்கமாக வாங்கியது. மீட்டர் தூரத்துக்கும் ஆப் காட்டுகிற சவாரித் தூரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் காலி ஓட்டம். அதைக் குறைத்தால் எந்த ஏற்பாட்டிலும் லாபம்.

அப்புறம், பேச வேண்டிய இடம் வேறு. ஓட்டாத நாலு நாளுக்கு நீங்கள் கட்டுகிற வாடகை ₹4,400. ஓனரிடம் வாராந்திர லீவுக்கு வாடகை வேண்டாம் என்று கேளுங்கள். அவர் பாதிக்கு ஒத்துக்கொண்டாலே மாதம் ₹2,200 கூடும். வண்டி மெக்கானிக்கிடம் நிற்கிற நாளுக்கும் வாடகை உண்டா என்று அதே பேச்சில் கேட்டுவிடுங்கள்.

புதிய ஓனர் ரிப்பேர் முழுக்கத் தன் செலவு என்று மாற்றினால் கதை வேறு. அப்போது வட்டி போக ₹28,250 நிற்கும், தாராளமாக யோசிக்கலாம். ஆனால் அட்வான்ஸைக் குறைக்கச் சொல்லுங்கள். ஆர்.சி. அவர் பெயரில் இருக்கும்வரை வண்டியில் உங்களுக்குப் பங்கு கிடையாது. அவர் தவணை கட்டாமல் விட்டு, கடன் கொடுத்தவர்கள் வண்டியைத் தூக்கிவிட்டால் உங்கள் லட்சத்துக்கு அவர் வாய்ச்சொல்தான் ஆதாரம். எனவே எழுதி வாங்குங்கள்: அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வரும், ஆப் பணம் யார் கணக்கில் ஏறும், எந்த நாளில் பிரிப்பது, விபத்துச் செலவு யாருக்கு, வண்டிக் கடனுக்கு நீங்கள் பொறுப்பில்லை என்பது. இதைச் சும்மா சொல்லவில்லை. 1932ஆம் ஆண்டின் கூட்டாண்மைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதாவிட்டால் கூட்டாளிகள் நஷ்டத்தையும் சமமாகவே சுமக்க வேண்டும்.