ஆர்டர் மாற்றக் கோரிக்கை: மென்பொருளே முடிக்கலாமா, ஆள் பார்க்க வேண்டுமா?

கேள்வி: ஆத்தங்குடியில் எங்கள் குடும்பம் டைல்ஸ் பட்டறை நடத்துகிறது. ஆர்டர்களைச் சிறிய மென்பொருள் ஒன்றில் வாங்குகிறோம். எண்ணிக்கையைக் கூட்டு, நிறத்தை மாற்று, முன்பணத்தைத் திருப்பிக் கொடு என்று வரும் கோரிக்கைகள் நிலுவையில் குவிகின்றன. எதை மென்பொருளே முடித்துவிடலாம், எதற்கு எங்கள் ஒப்புதல் வேண்டும்? தொகைக்கு ஒரு வரம்பு வைத்தால் போதுமா?

பதில்:

போதாது. காரைக்குடியில் இருந்துகொண்டு இந்தப் பக்கத்துப் பட்டறைகளுக்கும் பலகாரக் கடைகளுக்கும் ஆர்டர் மென்பொருள் எழுதித் தருகிறேன். எல்லோரும் முதலில் கேட்பது தொகை வரம்புதான். ஐயாயிரத்துக்குக் கீழே என்றால் தானாக நடக்கட்டும், மேலே போனால் முதலாளி பார்க்கட்டும் என்பார்கள். ஆனால் தவறாக நடந்துவிட்டால் திரும்பப் பெற முடியுமா என்பதைத் தொகை சொல்லாது. அதைச் சொல்வது, கோரிக்கையை நிறைவேற்றும் நேரத்தில் வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதுதான்.

உங்கள் தொழிலையே எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் 500 சதுர அடிக் கூடத்துக்கு 10 அங்குலக் கல் கேட்கிறார் என்று வையுங்கள். சதுர அடிக்கு 1.44 கல் வீதம் 720 கல் வேண்டும். உடைசலுக்கு 40 சேர்த்து 760 என்று ஆர்டர் பதிவாகிறது. சில நாள் கழித்து, "இன்னும் 60 கல் கூட்டுங்கள்" என்று கோரிக்கை வருகிறது. மதிப்பில் சின்னதுதான்.

இன்னும் வண்ணம் கலக்கவில்லை என்றால் மென்பொருளே 820 என்று திருத்தி, பாக்கித் தொகையை மாற்றி, வாடிக்கையாளருக்குச் செய்தி அனுப்பிவிடலாம். அவர் மனம் மாறினாலும் ஓர் எண்ணைத் திருப்பி எழுதினால் முடிந்தது. வார்ப்பு நடந்துகொண்டிருந்தால், அதே கலவை மீதம் இருக்கிறதா என்பது மேஸ்திரிக்குத்தான் தெரியும். அந்தத் தகவல் மென்பொருளில் இல்லாதவரை மென்பொருள் முடிவெடுக்கக் கூடாது. எல்லாக் கல்லும் வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் போட்ட பிறகு என்றால் கட்டாயம் ஆள் பேச வேண்டும். கையால் கலக்கும் வண்ணம் ஒரு தடவைக்கு ஒரு தடவை கொஞ்சம் மாறும். புதிய 60 கல்லைக் கூடத்தின் நடுவில் பதித்தால் வித்தியாசம் கண்ணில் படும். ஓரத்திலோ வேறு அறையிலோ பதிப்பது என்றால் அவருக்கே பரவாயில்லையாக இருக்கலாம். அதை அவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கோரிக்கை ஒன்றுதான், தொகையும் ஒன்றுதான். ஆனால் மூன்று கட்டத்துக்கு மூன்று விடை. ஆகவே ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு பூட்டுப் புள்ளி வையுங்கள். வண்ணம் கலக்கத் தொடங்கும்போது மேஸ்திரி கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அதற்கு முன் எண்ணிக்கை, நிறம், அளவு மூன்றையும் மென்பொருளே மாற்றலாம். அதற்குப் பின் எதுவும் தானாக மாறக் கூடாது. மேஸ்திரி அழுத்த மறந்துவிடுவாரே என்றால், வார்ப்புக்குக் குறித்த தேதி வந்ததும் பூட்டு தானாக விழட்டும். பூட்டாமல் விடுவதைவிட அநாவசியமாக ஒரு தொலைபேசி அழைப்பு மலிவு.

அடுத்த சிக்கல், கோரிக்கை வந்த நேரமும் நிறைவேறும் நேரமும் வேறு என்பது. இங்கே பக்கத்து ஊர்ப் பட்டறை ஒன்றில் நடந்தது. நிற மாற்றத்துக்கு ஆச்சி காலையில் ஒப்புதல் கொடுத்தார். மதியம் வாடிக்கையாளர் அதே கோரிக்கையைத் திறந்து அளவையும் 8 அங்குலமாக மாற்றினார். மென்பொருள் மாலையில் இரண்டையும் சேர்த்து நிறைவேற்றியது. 8 அங்குலம் என்றால் சதுர அடிக்கு 2.25 கல், எண்ணிக்கையே வேறு. "நான் நிறத்துக்குத்தானே சரி சொன்னேன், அளவு எங்கிருந்து வந்தது?" என்று ஆச்சி கேட்டதில் என்ன தவறு? ஒப்புதல் கோரிக்கையின் எண்ணுக்குப் போயிருந்தது, அவர் பார்த்த உள்ளடக்கத்துக்குப் போகவில்லை.

இதைத் தடுப்பது எளிது. கோரிக்கையைத் திருத்தும் ஒவ்வொரு முறையும் அதன் பதிப்பு எண் ஒன்று கூடட்டும். ஒப்புதல் அந்தப் பதிப்புக்கும், அப்போது ஆர்டர் இருந்த கட்டத்துக்கும் மட்டும் செல்லட்டும். நிறைவேற்றும் முன் தரவுத்தளத்திடம் இப்படிக் கேளுங்கள்:

```
UPDATE requests SET status = 'RUNNING'
WHERE id = 418
  AND status = 'APPROVED'
  AND version = approved_version
  AND EXISTS (SELECT 1 FROM orders
              WHERE orders.id = requests.order_id
                AND orders.stage = requests.approved_stage);
```

அட்டவணையில் ஒரு வரி மாறினால் மேலே செல்லலாம். ஒன்றும் மாறவில்லை என்றால், ஒப்புதலுக்குப் பிறகு கோரிக்கை திருத்தப்பட்டிருக்கிறது, அல்லது ஆர்டர் அடுத்த கட்டத்துக்குப் போய்விட்டது, அல்லது வேறொரு செயல்பாடு இதை ஏற்கெனவே எடுத்துவிட்டது. மூன்றிலும் நிறுத்திவிட்டு மறுபடி நிலையைப் பார்க்க வேண்டும். வலை இணைப்பு தடுமாறி ஒரே வேலை இரண்டு முறை ஓடினாலும் முன்பணம் இரண்டு முறை திரும்பிப் போகாமல் இந்த ஒரு வினவல் காப்பாற்றும்.

பணம் திருப்புவதற்கு வருகிறேன். பணம் எந்த வழியில் வந்ததோ அந்த வழியிலேயே, வந்த தொகைக்கு மிகாமல், வார்ப்பு தொடங்கும் முன் திரும்பிப் போவது என்றால் தானாக நடக்கலாம். வரம்பு வைப்பதானால் கோரிக்கைக்கு வைக்காதீர்கள், வாடிக்கையாளருக்கு மொத்தமாக வையுங்கள். இல்லாவிட்டால் ஐயாயிரம் வரம்பின் கீழ் 4,800 ரூபாயாக மூன்று கோரிக்கை வந்து மூன்றும் வழுக்கிக்கொண்டு போய்விடும். "வேறு கணக்குக்கு அனுப்புங்கள்" என்று வந்தால் நூறு ரூபாயானாலும் ஆள் பார்க்க வேண்டும். சிமெண்ட் கடைக்காரரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று வரும் செய்தியும் அப்படியே. செய்தியில் இருக்கும் எண்ணை அழைக்காமல், உங்கள் பழைய பதிவேட்டில் இருக்கும் எண்ணை அழைத்துக் கேளுங்கள். ஏமாற்றுகிறவன் தன் எண்ணைத்தான் அந்தச் செய்தியில் போட்டிருப்பான்.

இவ்வளவையும் படித்துவிட்டு எல்லாவற்றுக்கும் ஒப்புதல் கேட்கலாம் என்று தோன்றும். அதுவும் ஆபத்துதான். ஒரு நாளைக்கு நாற்பது முறை கேட்டால் பதினைந்தாவதில் இருந்து யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு மாத ஒப்புதல் பதிவை எடுத்துப் பாருங்கள். ஒரு வகைக் கோரிக்கையில் ஒன்றுகூட மறுக்கப்படாமல், எல்லாம் ஓரிரு நொடியில் ஒப்புக்கொள்ளப்பட்டிருந்தால், ஒன்று அது தானாக நடக்க வேண்டியது, அல்லது முடிவெடுக்கத் தேவையானதைத் திரை காட்டவில்லை. "கோரிக்கை 418-ஐ ஏற்கவா?" என்று மட்டும் கேட்டால் யார்தான் என்ன செய்வார்? "60 கல் கூடுதல். 760 கல் ஏற்கெனவே வார்த்தாயிற்று. புதியவற்றில் நிறம் மாறலாம். வாடிக்கையாளரிடம் பேசினீர்களா?" என்று கேட்டால் கை தானாக நிற்கும்.

பதிலே வராவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்கூட்டியே எழுதிவையுங்கள். கல்யாணம், திருவிழா என்று வீட்டில் எல்லோரும் இரண்டு நாள் கைப்பேசியைப் பார்க்காமல் இருப்பது செட்டிநாட்டில் சாதாரணம். காலக்கெடு தாண்டியதும் ஒப்புதலாக எடுத்துக்கொள்ளும் மென்பொருள்களைப் பார்த்திருக்கிறேன். அதை உடனே அணைத்துவிடுங்கள். கெடு முடிந்தால் கோரிக்கை காலாவதியாகட்டும், பழைய ஆர்டர் அப்படியே நிற்கட்டும், வாடிக்கையாளருக்கு "உங்கள் மாற்றம் இன்னும் ஏற்கப்படவில்லை" என்று செய்தி போகட்டும். வார்ப்பு தேதிக்கு முதல் நாளும் பதில் வராமல் ஒரு மாற்றக் கோரிக்கை இருந்தால், அந்த ஆர்டரின் வார்ப்பை மட்டும் தள்ளிவைத்துவிட்டு மேஸ்திரிக்கு வேறு ஆர்டரைக் காட்டும்படி அமையுங்கள்.