ராத்திரி முழுக்க ஆக்ஸிமீட்டர் மாட்டினால் மூச்சைப் பற்றி என்ன தெரியும்?

"அப்பாவுக்கு 58 வயது, கொஞ்சம் பருத்த உடம்பு. குறட்டை நடுவில் மூச்சு நின்றுபோகிற மாதிரி இருக்கிறது என்று அம்மா பயப்படுகிறார். கொரோனா நேரத்தில் வாங்கிய ஆக்ஸிமீட்டரை ராத்திரி அப்பா விரலில் மாட்டிவிட்டேன். நடுவில் எழுந்து பார்த்தபோது ஒரு தடவை 89, அப்புறம் 95. இதை வைத்து எதுவும் சொல்ல முடியுமா?"
— வாசகி, மன்னார்குடி

சொல்ல முடியும், ஆனால் அந்த 89-ஐ வைத்து இல்லை. தூக்கத்தில் தொண்டை அடைத்து மூச்சு நிற்கிறவர்களுக்கு ஆக்ஸிஜன் ஒரே இடத்தில் தாழ்ந்து கிடக்காது. இறங்கும், திணறி மூச்சு வாங்கியதும் ஏறும், மறுபடி இறங்கும். வரைபடமாகப் பார்த்தால் கதிர் அறுக்கிற கருக்கரிவாளின் பல் மாதிரி இருக்கும். நமக்குத் தெரிய வேண்டியது அந்தப் பற்கள் மணிக்கு எத்தனை என்பதுதான். உங்கள் வீட்டு மீட்டர் அந்த நிமிஷத்து எண்ணை மட்டும் காட்டும், எதையும் சேமித்து வைக்காது. தவிர, நீங்கள் விளக்கைப் போட்டு விரலைத் தொட்டாலே அப்பாவின் தூக்கம் கலைந்து மூச்சு சரியாகிவிடும், எண்ணும் ஏறிவிடும்.

இதற்கென்றே சில விநாடிக்கு ஒரு முறை பதிவு செய்து, காலையில் வரைபடமாகக் கொடுக்கும் ஆக்ஸிமீட்டர்கள் இருக்கின்றன. அதில் ODI என்று ஓர் எண் வரும்: ஆக்ஸிஜன் 3 அல்லது 4 சதவீதம் இறங்கியது மணிக்கு எத்தனை தடவை என்று அர்த்தம். பெரியவர்களுக்கு 5-க்குள் இருந்தால் பொதுவாகப் பிரச்சினை இல்லை, 15-ஐத் தாண்டினால் விட்டுவைக்கக் கூடாது.

பாபநாசம் பக்கத்து நெல் வியாபாரி ஒருவர் அப்படி ஒரு பதிவைக் கொண்டுவந்தார். ஆறரை மணி நேரப் பதிவு, மிகக் குறைந்த அளவு 71. வீடே அந்த 71-ஐப் பார்த்து ஆடிப்போயிருந்தது. வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்று மணி வாக்கில் 95-லிருந்து ஒரே வெட்டாக 71-க்கு விழுந்திருந்தது, அதே விநாடியில் நாடித்துடிப்பும் காணாமல் போயிருந்தது. அந்நேரம் கொல்லைப்பக்கம் எழுந்து போனாராம். விரலில் மீட்டர் நகர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். உண்மையான சேதி மற்ற இடங்களில் இருந்தது: 95-லிருந்து மெதுவாக 88, பிறகு சட்டென்று ஏற்றம், ஒவ்வொரு ஏற்றத்தோடும் நாடியும் ஒரு துள்ளல். அப்படி 143 தடவை. ஆறரையால் வகுத்தால் மணிக்கு 22. ஆனால் முதல் ஒன்றரை மணி நேரம் அவர் தூக்கம் வராமல் புரண்டிருக்கிறார், மீட்டருக்கு அது தெரியாது. தூங்கிய ஐந்து மணி நேரத்துக்கு மட்டும் கணக்குப் போட்டால் 28-க்கு மேல். மீட்டர் சொன்னதைவிட நோய் பெரிது.

இதன் மறுபக்கத்தை யாரும் சொல்வதில்லை, எனக்கு அதுதான் கவலை. பதிவு நன்றாக வந்தால் நோய் இல்லை என்று ஆகாது. ஒல்லியானவர்களுக்கும் நுரையீரல் நன்றாக இருப்பவர்களுக்கும் ஆக்ஸிஜன் இறங்குவதற்கு முன்பே மூளை விழித்து மூச்சைத் திருப்பிவிடும். எண் 96-லேயே நிற்கும், ஆனால் தூக்கம் துண்டு துண்டாகிப் பகலில் உட்கார்ந்த இடத்தில் கண் சொக்கும். அப்படிப்பட்டவருக்கு முழுத் தூக்கப் பரிசோதனைதான் வழி.

சரி, கையில் இருக்கிற மீட்டரை வைத்தே ஒன்று செய்யலாம். விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இருக்கக் கூடாது, மார்கழிக் குளிரில் கை ஜில்லென்று இருந்தால் போர்வைக்குள் வைத்துச் சூடாக்குங்கள். விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு, அப்பா மல்லாந்து படுத்திருக்கும்போது, நெஞ்சும் மீட்டரின் திரையும் ஒரே படத்தில் தெரிகிற மாதிரி போனில் பத்து நிமிடம் வீடியோ எடுங்கள். அந்த நேரத்துத் தூக்கத்தில்தான் பலருக்கு அடைப்பு அதிகம். பார்க்கும்போது ஒன்று ஞாபகம் இருக்கட்டும்: தொண்டையில் நடப்பது விரலுக்கு வந்துசேர அரை நிமிடம் வரை ஆகும். அதனால் மூச்சு நிற்கும்போது எண் அசையாது, அவர் திணறி மூச்சு வாங்கிய பிறகுதான் இறங்கும். குறட்டை நின்று, நெஞ்சு மட்டும் எக்கி எக்கி, பிறகு பெரிய மூச்சு, பின்னாலேயே எண்ணில் 4 இறக்கம் என்று அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு மூன்று தடவை வந்தால் அம்மா பயந்தது சரி. எண் இறங்காமல் மூச்சு நிற்பது மட்டும் தெரிந்தாலும் வீடியோவை நுரையீரல் மருத்துவரிடமோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடமோ காட்டுங்கள்.

ஏறி இறங்காமல் இரவு முழுக்க 88-லேயே கிடந்தால் அது வேறு விஷயம், நுரையீரலையே பார்க்க வேண்டும். அப்பா பீடி, சிகரெட் பிடிப்பவர் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பகலில் கண் அசருகிறவர் என்றால் பரிசோதனை முடிகிற வரை அவர் கையில் பைக் சாவியைக் கொடுக்காதீர்கள்.