நாலு பக்கம் எழுதியும் மார்க் விழாத விடை: ஒரு கணவாய் மீன் ஒப்பந்தத்தைப் பிரித்து எழுதுவது

தம்பி, நீங்கள் அனுப்பிய ஒப்பந்தச் சட்ட விடையை இரண்டு முறை படித்தோம். சட்டம் தெரியாமல் எழுதிய விடை இல்லை இது. பிரிவு 56 இருக்கிறது, வழக்குகள் இருக்கின்றன, சம்பவமும் சரியாகப் புரிந்திருக்கிறது. ஆனால் எல்லாம் வலையில் சிக்கிய கலப்பு மீன் மாதிரி ஒன்றாகக் கிடக்கிறது. திருத்துகிறவர் இனம் பிரித்துக்கொண்டிருக்க மாட்டார். "பையன் ராத்திரி பகலா படிக்கிறான், 100க்கு 42தான் வருது" என்று உங்கள் அப்பா எழுதியிருந்தார். அப்பாவிடம் சொல்லுங்கள்: படிக்கும் நேரத்தைக் கூட்ட வேண்டாம், எழுதும் முறையை மாற்றினால் போதும்.

கேள்வியின் சம்பவத்தை முதலில் சுருக்கிக்கொள்வோம். மண்டபத்தில் விசைப்படகு வைத்திருப்பவர் ஒருவர், 300 கிலோ கணவாயை கிலோ 350 ரூபாய்க்கு நவம்பர் 28 அன்று தருவதாக நவம்பர் 18இல் ஓர் ஏற்றுமதி கம்பெனிக்கு எழுதிக்கொடுத்து, 40,000 ரூபாய் முன்பணம் வாங்குகிறார். காற்று எச்சரிக்கையால் 24ஆம் தேதியிலிருந்து 28 வரை மீன்வளத்துறை டோக்கன் தரவில்லை, படகு கடலுக்குப் போகவில்லை. அதற்கு முன், 22ஆம் தேதி அவர் வலையில் கிடைத்த 80 கிலோ கணவாயைக் கரையிலேயே வேறு வியாபாரிக்குப் போட்டுவிட்டார். கம்பெனி 28ஆம் தேதி தூத்துக்குடியில் கிலோ 420 ரூபாய்க்கு வாங்கிச் சமாளித்தது. ஒப்பந்தக் காகிதத்தில் "ஏற்றுமதித் தரக் கணவாய் 300 கிலோ" என்று மட்டும் இருக்கிறது. எந்தப் படகு, எந்தக் கடல் என்று ஒரு வார்த்தையும் இல்லை.

இதற்கு நீங்கள் எழுதிய பத்திகளில் ஒன்று இது: "கடல் இயற்கையின் கையில் உள்ளது. டெய்லர் எதிர் கால்டுவெல் வழக்கில் இசை அரங்கம் தீப்பிடித்து எரிந்தது. படகுக்காரர் முன்பணம் வாங்கியுள்ளார். ஆனால் டோக்கன் இல்லாமல் கடலுக்குச் செல்வது தவறு. சத்யபிரதா கோஷ் வழக்கிலும் இவ்வாறே கூறப்பட்டது. எனவே ஒப்பந்தம் செல்லாது எனலாம், எனினும் கம்பெனிக்கு நஷ்டம் ஏற்பட்டுள்ளது."

ஒரு பென்சிலை எடுத்து ஒவ்வொரு வாக்கியத்தின் ஓரத்திலும் அது என்ன வேலை செய்கிறது என்று குறியுங்கள். சம்பவத்தைத் திருப்பிச் சொன்னால் "ச", சட்டத்தைச் சொன்னால் "வி", சட்டத்தையும் சம்பவத்தையும் சேர்த்துக் கட்டினால் "பொ", தீர்மானம் சொன்னால் "மு". மேலே உள்ள ஆறு வாக்கியங்களில் ஒன்றுகூட "பொ" இல்லை. அரங்கம் எரிந்ததற்கும் டோக்கன் வராததற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் மனதில் நினைத்திருக்கிறீர்கள், தாளில் எழுதவில்லை. மார்க் போன இடம் அதுதான். கடைசி வாக்கியத்தில் "எனலாம், எனினும்" என்று இரண்டு பக்கமும் கால் வைத்திருப்பதற்கும் காரணம் அதுவே. பொருத்திப் பார்க்காதவருக்கு முடிவு வராது.

இப்போது திருப்பி எழுதுவோம். கல்லூரியில் ஐராக் என்று சொல்வார்களே, எழுவினா, விதி, பொருத்தம், முடிவு, அந்த வரிசைதான். கஷ்டமானது எழுவினா. சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 14 இதற்கு நல்ல அளவுகோல் தருகிறது: முக்கியமான ஒரு சங்கதியையோ சட்ட நிலையையோ ஒரு தரப்பு உண்டு என்று சொல்லி, மறு தரப்பு இல்லை என்று மறுக்கும் இடத்தில்தான் எழுவினா பிறக்கிறது. காற்று அடித்ததை இங்கே யாரும் மறுக்கவில்லை. டோக்கன் தராததையும் மறுக்கவில்லை. அதனால் "படகு கடலுக்குப் போக முடிந்ததா?" என்பது எழுவினாவே இல்லை. படகுக்காரர் "என்னால் தர முடியாமல் போனது, ஒப்பந்தம் முடிந்தது" என்கிறார். கம்பெனி "நீ வேறு இடத்தில் வாங்கியாவது தந்திருக்கலாம்" என்கிறது. மோதல் அங்கே இருக்கிறது. எனவே இப்படி எழுதுங்கள்:

"எந்தப் படகு என்று குறிப்பிடாத கணவாய் ஒப்பந்தம், விற்பவரின் படகுக்கு டோக்கன் கிடைக்காத காரணத்தால் 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டம் பிரிவு 56இன்படி செல்லாமல் போகுமா?"

பிரிவு எண்ணும் இருக்கிறது, வழக்கைத் திருப்பும் சங்கதியும் இருக்கிறது. இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் எழுவினா மொட்டையாகிவிடும். "ஒப்பந்தம் செல்லுமா?" என்று மட்டும் எழுதினால் அது உலகத்தில் உள்ள எல்லா ஒப்பந்த வழக்குக்கும் பொருந்தும். பணம் பற்றியது தனி எழுவினா: கம்பெனிக்கு எவ்வளவு வர வேண்டும்? அதை முதல் எழுவினாவோடு கலக்காதீர்கள். உங்கள் விடையில் முன்பணம் மூன்று இடங்களில் தலைகாட்டியதற்குக் காரணம் அதற்கென்று ஓர் இடம் ஒதுக்காததுதான்.

அடுத்தது விதி. பிரிவு 56இன் இரண்டாம் பத்தியை முழுசாக ஒப்பிக்க வேண்டாம், உறுப்பு உறுப்பாக உடையுங்கள். ஒப்பந்தம் செய்தபின் ஒரு நிகழ்வு நடந்திருக்க வேண்டும். அதனால் அந்தச் செயல் முடியாததாகவோ சட்டவிரோதமாகவோ ஆகியிருக்க வேண்டும். வாக்குக் கொடுத்தவரால் தடுக்க முடியாத நிகழ்வாக அது இருக்க வேண்டும். வழக்குகளில் இரண்டு போதும். சத்யபிரதா கோஷ் (1954) வழக்கில், "முடியாதது" என்பதற்கு அறவே நடக்காதது என்று மட்டும் பொருள் கொள்ள வேண்டியதில்லை, ஒப்பந்தத்தின் அடிப்படையே பெயர்ந்துபோனாலும் போதும் என்றது உச்ச நீதிமன்றம். ஆனால் அந்த வழக்கிலேயே ஒப்பந்தம் முடிந்துபோகவில்லை என்றுதான் தீர்ப்பானது. இதைக் கவனிக்காமல் "இவ்வாறே கூறப்பட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு வழக்கின் கோட்பாடு ஒரு பக்கமும் அதன் முடிவு மறுபக்கமும் இருக்கலாம், இரண்டையும் எழுதுங்கள். மற்றது அலோபி பர்ஷாத் (1960). ராணுவத்துக்கு நெய் கொள்முதல் செய்து கொடுத்தவர்களின் செலவு போர்க்காலத்தில் கூடிப்போனது. எதிர்பாராத நிலைமையால் சுமை கூடிவிட்டது என்பதற்காக மட்டும் யாரும் ஒப்பந்தத்திலிருந்து விடுபட முடியாது என்றது நீதிமன்றம். உங்கள் சம்பவத்துக்கு நெருங்கிய சொந்தம் இந்த நெய் வழக்குதான், எரிந்த அரங்கம் இல்லை. விதிப் பத்தியில் படகு, கணவாய், மண்டபம் என்ற சொற்கள் வரக் கூடாது. வந்தால் பொருத்தம் அதற்குள் கசிந்துவிட்டது என்று அர்த்தம்.

பொருத்தத்துக்கு விடையில் பாதி இடமாவது கொடுங்கள். விதியில் உடைத்த ஒவ்வோர் உறுப்பையும் எடுத்து, அதற்கு எதிரே ஒரு சங்கதியை வைத்து, நடுவில் "ஏனென்றால்" போடுங்கள். இப்படி:

"டோக்கன் நிறுத்தம் ஒப்பந்தத்துக்குப் பின் நடந்தது, படகுக்காரரால் தடுக்க முடியாதது. ஆனால் ஒப்பந்தத்தில் சொன்ன செயல் மீன் பிடிப்பது அல்ல, 300 கிலோ கணவாய் தருவது. அந்தச் செயல் முடியாததாகவில்லை, ஏனென்றால் அதே நாளில் தூத்துக்குடியில் கிலோ 420 ரூபாய்க்குக் கணவாய் கிடைத்தது, கம்பெனியே வாங்கியது. படகுக்காரருக்கு ஏற்பட்டது கிலோவுக்கு 70 ரூபாய்ச் சுமை. அலோபி பர்ஷாத் வழக்கின்படி சுமை மட்டும் போதாது. மேலும் வடகிழக்குப் பருவக்காற்று வீசும் நவம்பரில் இந்தக் கரையில் டோக்கன் நிற்பது வழக்கமானது. அதைத் தெரிந்தே அவர் நிபந்தனையின்றி எழுதிக்கொடுத்தார்."

எதிர்த்தரப்பின் நல்ல வாதத்தையும் இங்கேயே தீர்த்துவிட வேண்டும். படகுக்காரரிடம் வாங்கினால் அவர் படகு மீன் என்றுதானே பொருள் என்று கேட்பார்கள். காகிதத்தில் "என் படகில் பிடித்த" என்று இருந்திருந்தால் அந்த வாதம் நிற்கும். ஹவல் எதிர் கூப்லாண்ட் (1876) என்ற ஆங்கில வழக்கில் குறிப்பிட்ட நிலத்தில் விளையும் 200 டன் உருளைக்கிழங்குக்கு ஒப்பந்தம், பயிர் நோயால் ஏறக்குறைய 80 டன்தான் விளைந்தது, மீதிக்கு விற்றவர் பொறுப்பில்லை என்றார்கள். ஆனால் அவர் விளைந்ததைக் கொடுத்திருந்தார். நம் படகுக்காரர் 22ஆம் தேதி கிடைத்த 80 கிலோவை வேறு ஆளுக்கு விற்றார். கடல் அவரைத் தடுத்தது மீதி 220 கிலோவுக்கு மட்டும். இந்த 80 கிலோவை உங்கள் விடையின் மூன்றாம் பக்கத்தில் "மேலும்" என்று தொடங்கும் வாக்கியத்தில் ஒளித்துவைத்திருக்கிறீர்கள். பொருத்தத்தில் முன்வரிசையில் நிற்க வேண்டிய சங்கதி இது.

முதல் முடிவு ஒரே வரி, எழுவினாவின் அதே சொற்களில்: "விற்பவரின் படகுக்கு டோக்கன் கிடைக்காத காரணத்தால் இந்த ஒப்பந்தம் பிரிவு 56இன்படி செல்லாமல் போகாது." புதிய வழக்கு, புதிய பிரிவு எதையும் அங்கே கொண்டுவராதீர்கள்.

இரண்டாவது எழுவினாவுக்கும் இதே நான்கு படிகள், குட்டியாக. விதி பிரிவு 73. அதன் முதல் உதாரணம் வெடியுப்பு தருவதாக ஒப்புக்கொண்டு தராமல் விட்டவரைப் பற்றியது: ஒப்பந்த விலைக்கும், சரக்கு வர வேண்டிய நேரத்தில் அதே தரத்துக்கு இருந்த விலைக்கும் உள்ள வித்தியாசமே இழப்பீடு. பொருத்தம் வெறும் கணக்கு: 420இல் 350 போக 70, அதை 300 கிலோவால் பெருக்கினால் 21,000. கொடுத்த முன்பணம் 40,000. மொத்தம் 61,000 ரூபாய். முதல் எழுவினாவில் நீதிமன்றம் எதிராக முடிவெடுத்தால் என்ன என்பதையும் இரண்டு வரியில் சொல்லுங்கள். ஒப்பந்தம் செல்லாமல் போனாலும் பிரிவு 65இன்படி முன்பணம் 40,000 திரும்ப வர வேண்டும். ஒப்பந்தம் அந்தப் படகின் கணவாய்க்குத்தான் என்று ஏற்றுக்கொண்டாலும், கையில் இருந்தும் கொடுக்காத 80 கிலோவுக்கு 5,600 ரூபாயைக் கம்பெனி கூடுதலாகக் கேட்க முடியும். "செல்லாது எனலாம், எனினும் நஷ்டம்" என்று நீங்கள் தடுமாறிய இடத்துக்கு இதுதான் பதில். ஒப்பந்தம் செல்லுமா என்பதைப் பொறுத்துத் தொகை மாறுகிறது, முன்பணம் மட்டும் இரண்டு வழியிலும் திரும்புகிறது.

சிவில் நீதிபதி தேர்வு எழுதும் எண்ணம் உண்டு என்று சொல்லியிருந்தீர்கள். அங்கே எழுவினா வனைந்து தீர்ப்பே எழுதச் சொல்வார்கள், அதனால் எழுவினாவை மட்டும் தனியாகப் பழகுவதும் வீண் போகாது. பழைய கேள்வித்தாளில் பத்துச் சம்பவங்களை எடுத்து, விடை எழுதாமல், ஒவ்வொன்றுக்கும் எழுவினா மட்டும் எழுதி அனுப்புங்கள்.

கூடவே இதே கணவாய்ச் சம்பவத்தில் தேதியை மட்டும் மாற்றி இன்னொரு தடவை முழுசாக எழுதுங்கள். ஒப்பந்தம் ஏப்ரல் 10, சரக்குத் தர வேண்டியது ஏப்ரல் 20, காகிதத்தில் "என் படகில் பிடித்த கணவாய்" என்று இருக்கிறது. நம் கரையில் ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை. ஆண்டுதோறும் வருவது, நாள் குறித்தது. அப்படியானால் அது ஒப்பந்தத்துக்குப் பின் நடந்த நிகழ்வா, ஒப்பந்தம் போடும்போதே இருந்த முடியாமையா? முடியாது என்று தெரிந்தே வாக்குக் கொடுத்தவர் இழப்பீடு தர வேண்டும் என்கிறது பிரிவு 56இன் மூன்றாம் பத்தி, ஆனால் வாக்கைப் பெற்றவருக்கு அது தெரியாமல் இருந்திருக்க வேண்டும். இந்தக் கரையில் கணவாய் வாங்கும் கம்பெனிக்குத் தடைக்காலம் தெரியாதா? அந்த ஒரு கேள்வியைச் சுற்றிப் பொருத்தத்தை எழுதுங்கள். ஓரத்தில் "ச", "வி", "பொ", "மு" போட்டே அனுப்புங்கள், "பொ" எத்தனை என்று எண்ணிப் பார்க்கிறோம்.